வெளிநாட்டு அனுபவத்தை உள்ளூர் நிறுவனத்துக்குப் புரியவைத்தல்: பராமரிப்புத் துறையினருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகள் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நேர்முகத் தேர்வில் தோற்பதற்குத் திறமைக் குறைவு அரிதாகவே காரணமாக இருக்கிறது. நிறுவனத்தின் பெயரையும் ஆண்டுக் கணக்கையும் சொல்லிவிட்டு, மீதியை எதிரில் இருப்பவரே ஊகித்துக்கொள்வார் என்று நம்புகிறார்கள். அவர் ஊகிக்கத்தான் செய்கிறார், ஆனால் தவறாக. பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில், எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

வழி நெடுக ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் மத்தியக் குளிரூட்டு நிலையத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்த தொழில்நுட்பர் ஒருவர், நாடு திரும்பி ஓர் ஆலையில் பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். அவர் பார்த்தது சில்லர் எனப்படும், குளிரூட்டலுக்காகத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம். வேறு துறையினர் சில்லர் என்று வரும் இடத்தில் தங்கள் இயந்திரத்தை வைத்துக்கொள்ளலாம்.

## 1. கிளம்புவதற்கு முன்பே காகிதங்களைச் சேர்த்துவிடுங்கள்

இந்தப் படியை முதலில் வைத்ததற்குக் காரணம், பிற்பாடு இதைச் செய்வது மிகக் கடினம். நீங்கள் திரும்பிய சில மாதங்களிலேயே உங்களை அறிந்த மேலாளர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். அங்கே இருந்தபோது ஒரு நாளில் கிடைத்திருக்கக்கூடிய கடிதத்துக்கு மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருக்கும்.

வேலைச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகிய மூன்றும் இருந்தால் மட்டும் போதாது. செய்த வேலையைப் பற்றி நான்கைந்து வரிகள் இருக்க வேண்டும். அந்த வரிகளை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலான மேலாளர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள். யோசித்து எழுத அவர்களுக்கு நேரம் இருக்காது.

இரண்டு சிக்கல்கள் அடிக்கடி வருகின்றன. முதலாவது, சம்பளம் கொடுத்தது ஓர் ஒப்பந்த நிறுவனமாகவும் வேலை பார்த்தது வேறு இடமாகவும் இருப்பது. சான்றிதழில் யாருக்கும் தெரியாத ஒப்பந்தக்காரரின் பெயர் இருக்கும், நீங்களோ மருத்துவமனை என்பீர்கள். கேட்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. பணியமர்த்தப்பட்ட இடத்தின் பெயரையும் காலத்தையும் சான்றிதழிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வேலை அனுமதியில் ஒரு பதவியும் நடைமுறையில் வேறு பதவியும் இருப்பது. உதவியாளராகப் போய்ப் பணிக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர்கள் நிறையப் பேர். இதை மறைக்கவோ காகிதத்தைத் திருத்தவோ முயல வேண்டாம், சரிபார்ப்பில் பிடிபட்டால் உண்மையான அனுபவமும் சேர்ந்து போய்விடும். “அனுமதிச் சீட்டில் உதவியாளர் என்று உள்ளது, மூன்றாம் ஆண்டிலிருந்து பார்த்தது பணிக்குழுத் தலைவர் வேலை, அதற்கு இந்தக் கடிதம்” என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுவது நல்லது.

அப்போஸ்டில் முத்திரை தேவையா என்று பலரும் கேட்கிறார்கள். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே அரசு ஆவணங்களை ஏற்றுக்கொள்வதற்கான முத்திரை அது. வேலைச் சான்றிதழ் தனியார் ஆவணம் என்பதால், பொதுவாக முதலில் நோட்டரி சான்று பெற்று, அந்தச் சான்றின் மீதுதான் முத்திரை வாங்க முடியும். தனியார் நிறுவனங்கள் இதைக் கேட்பது குறைவு. அரசு வேலைக்கோ தொழில் உரிமத்துக்கோ விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அங்கே இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கொண்டுவராதீர்கள்: நிறுவனத்தின் பதிவேடுகள், வரைபடங்கள், உள்ளே எடுத்த புகைப்படங்கள். பழைய நிறுவனத்தின் கோப்புகளை மேசையில் விரித்துக் காட்டுபவரை நான் வேலைக்கு எடுக்கத் தயங்குவேன். நாளை என் கோப்புகளும் அப்படித்தான் வேறொருவர் மேசைக்குப் போகும்.

## 2. வேலையை உடைத்து எழுதுங்கள்

சுயவிவரம் எழுதுவதற்கு முன் ஒரு குறிப்பேட்டில் இதைச் செய்ய வேண்டும். நேராகச் சுயவிவரத்துக்குப் போனால் பதவிப் பெயர்களை அடுக்குவதோடு நின்றுவிடுவீர்கள். “சீனியர் டெக்னீஷியன், ஒன்பது ஆண்டுகள்” என்பது ஒரு நிறுவனத்தில் மூத்த பொறுப்பு, இன்னொன்றில் வெறும் சம்பளப் படிநிலை. கேட்பவரிடம் அதை அளக்க அளவுகோல் இல்லை.

ஒவ்வொரு பொறுப்புக்கும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எந்த இயந்திரம், எவ்வளவு பெரியது, எத்தனை ஆண்டு பழையது? அது நின்றால் என்ன நடக்கும்? யாரையும் கேட்காமல் நீங்களே எடுக்கக்கூடிய முடிவு எது? எந்த இடத்தில் மேலே கேட்க வேண்டியிருந்தது?

கடைசி இரண்டு கேள்விகளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேற்பார்வையாளரைத் தேடுபவர் உண்மையில் அறிய விரும்புவது அவைதான். நமது தொழில்நுட்பர் எழுதியது இப்படி இருந்தது: மூன்று சில்லர்கள், ஒவ்வொன்றும் 350 டன் குளிரூட்டும் திறன், இரண்டு ஓடும், ஒன்று மாற்றுக்கு நிற்கும். ஒன்று நின்றால் மாற்றை ஓடவிட்டு, அறுவைச் சிகிச்சை அரங்குகளுக்குக் குளிர்நீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவுப் பணியில் எந்த இயந்திரத்தை நிறுத்துவது, எதை ஓட்டுவது என்பது அவர் முடிவு. உதிரிபாகம் வாங்குவதும் வெளி ஒப்பந்தக்காரரை அழைப்பதும் பொறியாளர் முடிவு.

தன் அதிகாரத்தின் எல்லையை அவரே சொன்னதால் அவர் மதிப்பு குறைந்துபோகவில்லை. எல்லையைச் சொல்பவர் எல்லைக்குள் இருப்பதை மிகைப்படுத்தவில்லை என்று நம்பத் தோன்றுகிறது.

பதவிப் பெயர் உள்ளூரில் வேறாக வழங்கினால் ஐஎஸ்சிஓ-08 என்ற பன்னாட்டுத் தொழில் வகைப்பாட்டைப் பாருங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட இந்தப் பட்டியலைப் பல நாடுகள் தங்கள் தேசியப் பட்டியலுக்கு அடிப்படையாகக் கொண்டிருக்கின்றன. குளிரூட்டல், குளிர்பதன இயந்திரப் பணியாளர்களின் எண் அதில் 7127. அந்த எண்ணை வைத்து உங்கள் நாட்டுப் பட்டியலில் இணையான பெயரைத் தேடி, வேலைச் சான்றிதழில் உள்ள பெயருக்குப் பக்கத்தில் எழுதலாம். சான்றிதழ்ப் பெயரை நீக்கிவிட்டு இதைப் போடக் கூடாது.

## 3. சந்தேகம் எது என்று முதலில் கண்டறியுங்கள்

“வெளிநாட்டு அனுபவம் இங்கே ஒத்துவராது” என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் வெவ்வேறு கவலைகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று தெரியாமல் பதில் சொல்வது வீண்.

சிலர் வசதியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்: அங்கே புது இயந்திரம், கேட்ட மறுநாள் உதிரிபாகம், இங்கே இருபது ஆண்டு பழைய கம்ப்ரசரை எப்படிச் சமாளிப்பார்? சிலருக்கு வேலையின் அகலம்தான் கவலை: பெரிய நிறுவனத்தில் ஒரே ஒரு பகுதியைப் பார்த்தவர், இங்கே பம்பும் மின்பலகையும் கொதிகலனும் சேர்த்துப் பார்ப்பாரா? இன்னும் சிலர் உள்ளூர் விதிகளையும் விற்பனையாளர்களையும் நினைக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லாத கவலையும் ஒன்று உண்டு: ஆறு மாதத்தில் மறுபடியும் விமானம் ஏறிவிடுவாரோ?

விளம்பரத்திலேயே குறிப்பு கிடைக்கும். பல இயந்திரங்களை அடுக்கியிருந்தால் கவலை அகலத்தைப் பற்றியது. உள்ளூர் உரிமத்தை முதல் வரியில் கேட்டிருந்தால் விதிகளைப் பற்றியது. நேர்முகத்தில் அந்தப் பேச்சு வந்தால், எதிர்வாதத்தைத் தொடங்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: “இங்கே இந்த வேலையில் சேர்பவருக்கு முதல் மூன்று மாதத்தில் எது கடினமாக இருக்கிறது?” பதிலில் கவலை தானாக வெளியே வந்துவிடும்.

சில சமயம் சந்தேகம் நியாயமானதாகவே இருக்கும். உதிரிபாகத்தை மாற்றுவதை மட்டுமே செய்து, பழுதுக்குக் காரணம் தேடும் வேலையை வெளி நிறுவனத்திடம் விட்டுவந்த இடங்கள் வெளிநாட்டில் நிறைய உண்டு. நீங்கள் அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்திருந்தால் அதை ஒப்புக்கொண்டு ஒரு படி கீழே உள்ள பதவிக்கு முயல்வதே சரி.

## 4. அனுபவத்தை மூன்றாகப் பிரியுங்கள்

குறிப்பேட்டில் எழுதியவற்றை மூன்று பகுதிகளாக்குங்கள்: அப்படியே பொருந்துவது, இங்கே வேறு உருவில் இருப்பது, புதிதாகக் கற்க வேண்டியது. இந்தப் பிரிவினையை நீங்கள் செய்யாவிட்டால் எதிரில் இருப்பவர் எல்லாவற்றையும் மூன்றாவது பகுதியில் போட்டுவிடுவார்.

முதல் பகுதியில் இயற்பியல் இருக்கிறது. சில்லரின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சர் குழாயில் படியும் உப்புப் படிவம் எந்த நாட்டிலும் வெப்பத்தைத் தடுக்கும். தேய்ந்த பேரிங் எங்கும் ஒரே மாதிரிதான் இரையும். இதை விளக்கத் தேவையில்லை, பெயர் சொன்னால் போதும்.

இரண்டாம் பகுதிக்கு இணை சொல்ல வேண்டும். அங்கே பராமரிப்பு அட்டவணை கணினியில் இருந்தது, இங்கே சுவரில் ஒட்டிய தாளில் இருக்கிறது என்றால், வேலை ஒன்றுதான்: எந்த இயந்திரத்துக்கு எப்போது என்ன செய்வது, செய்ததை யார் கையெழுத்திடுவது. கணினி மென்பொருளின் பெயரை மூன்று முறை உச்சரிப்பதற்குப் பதில், அந்த அட்டவணையைத் தாளில் எப்படிப் போடுவீர்கள் என்று சொல்லுங்கள்.

மூன்றாம் பகுதியை ஏற்றுக்கொண்டு, நேர்முகத்துக்கு முன்பே பாதியாவது நிரப்புங்கள். நமது தொழில்நுட்பரின் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. ஆர்-22 என்ற குளிர்பதன வாயு ஓசோன் படலத்தைப் பாதிப்பதால் 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாகக் கைவிடப்படுகிறது. பழைய இயந்திரங்களின் பராமரிப்புக்கான சிறு அளவு நீங்கலாக, வளர்ந்த நாடுகளுக்கு 2020-ஐயும் வளரும் நாடுகளுக்கு 2030-ஐயும் கெடுவாக வைத்தார்கள். வளர்ந்த நாட்டில் புதிய வாயுக்களோடு மட்டுமே பழகியவர், திரும்பி வந்த இடத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்-22 இயந்திரத்தைச் சந்திக்கக்கூடும். எண்ணெய் வேறு, அழுத்த அளவுகள் வேறு. போகும் ஆலையில் எந்த வாயு ஓடுகிறது என்று முன்பே கேட்டு, அதன் அழுத்த-வெப்ப அட்டவணையைப் படித்துவிட்டுப் போனவருக்கும் போகாதவருக்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும்.

மின் பணி, கொதிகலன், அழுத்தக் கலன் ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் உள்ளூர் உரிமம் வேண்டும். வெளிநாட்டு ஆண்டுகள் அதற்குக் கணக்கில் வருமா என்பதை உரிமம் தரும் அலுவலகத்திடமே எழுத்தில் கேளுங்கள். நண்பர்கள் சொல்வதை நம்பி நேர்முகத்தில் “வரும்” என்று சொல்லிவிட வேண்டாம்.

## 5. சுயவிவரத்தின் வரிகளை மாற்றுங்கள்

நான்காம் படி முடிந்த பிறகே இது. எந்த வரி எந்தக் கவலைக்குப் பதில் என்று இப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

முதலில் எழுதியிருந்தது: “புகழ்பெற்ற பன்னோக்கு மருத்துவமனையில் குளிரூட்டுச் சாதனங்களின் பராமரிப்பில் ஒன்பது ஆண்டு அனுபவம். பன்னாட்டுத் தரத்தில் பணிபுரிந்தவர்.”

மாற்றி எழுதியது: “தலா 350 டன் திறனுள்ள மூன்று நீர்க்குளிர் சில்லர்கள், அவற்றின் பம்புகள், கூலிங் டவர்கள். இயந்திரங்களின் வயது 12 முதல் 18 ஆண்டுகள். இரவுப் பணியில் நான்கு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பு. ஓர் இயந்திரத்தை நிறுத்தி மாற்று இயந்திரத்தை ஓடவிடும் முடிவு என்னுடையது.”

இரண்டாவதில் புகழ்ச்சி ஒன்றுகூட இல்லை. ஆனால் “புது இயந்திரங்களோடு வேலை பார்த்தவர்” என்ற எண்ணத்தை “12 முதல் 18 ஆண்டுகள்” என்ற ஒரு தொடர் கேட்கும் முன்பே கலைத்துவிடுகிறது. பன்னாட்டுத் தரம் என்ற சொல்லை விட்டுவிடுங்கள். படிப்பவருக்கு அதில் ஒரு செய்தியும் இல்லை, உள்ளூர்த் தரம் தாழ்ந்தது என்ற குத்தல் மட்டும் கேட்கும்.

## 6. ஒரு சம்பவத்தை முழுமையாகத் தயார் செய்யுங்கள்

பத்துச் சாதனைகளை மேலோட்டமாகச் சொல்வதைவிட ஒரு பழுதைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்வது பலன் தரும். விவரங்களைப் பொய்யாக உருவாக்குவது கடினம் என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரியும். வசதி குறைவாக இருந்தபோது நடந்த சம்பவத்தையே தேர்ந்தெடுங்கள்.

நமது தொழில்நுட்பர் சொன்னது இது. கோடைப் பிற்பகல்களில் ஒரு சில்லர் உயர் அழுத்தத்தில் நின்றுபோனது. வெளி ஒப்பந்தக்காரர் கம்ப்ரசரைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். அதற்குப் பாகம் வர ஆறு வாரம். இவர் அன்றாடப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். கண்டன்சரில் வாயு நீர்மமாகும் வெப்பநிலைக்கும், அதிலிருந்து வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியை ஒரே அளவு சுமை இருந்த நாள்களில் மட்டும் எடுத்து ஒப்பிட்டார். இரண்டு மாதத்தில் அது 1.5 டிகிரியிலிருந்து 4.5 டிகிரிக்கு மெல்ல ஏறியிருந்தது.

அப்படி ஏறுவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் இருக்கலாம்: குழாய்க்குள் படிவம், அல்லது வாயுவோடு காற்று கலந்திருப்பது. இயந்திரத்தை நிறுத்தி, வெப்பம் சமநிலைக்கு வந்தபின் அழுத்தத்தை அந்த வாயுவின் அழுத்த-வெப்ப அட்டவணையோடு ஒப்பிட்டார். அட்டவணை சொன்ன அழுத்தமே இருந்ததால் காற்று இல்லை என்று முடிவு செய்தார். பொறியாளரிடம் சொல்லி, மாற்றுச் சில்லரை ஓடவிட்டு, இரவில் கண்டன்சர் மூடியைத் திறந்து குழாய்களைத் தூரிகையால் தேய்த்தார்கள். இடைவெளி 2 டிகிரிக்குக் கீழே வந்தது, பிற்பகல் நிறுத்தமும் நின்றது. பிறகு கூலிங் டவர் நீரின் சுத்திகரிப்பைச் சரிசெய்தார்கள். அதைச் செய்யாவிட்டால் படிவம் திரும்ப வந்திருக்கும்.

இதில் பயன்பட்டவை ஒரு வெப்பமானி, ஓர் அழுத்தமானி, ஒழுங்காக எழுதிய பதிவேடு, தூரிகை. எந்த ஆலையிலும் இவை கிடைக்கும். “அங்கே வசதி இருந்தது, இங்கே இல்லை” என்ற கவலைக்கு இதைவிட நேரடியான பதிலை நான் கேட்டதில்லை.

சொல்லும்போது யார் எதைச் செய்தார்கள் என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். “நாங்கள் கண்டுபிடித்தோம்” என்று சொன்னால் அடுத்த கேள்வி, “நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்பதுதான். அந்தக் கேள்வியில் தடுமாறியவர்கள் பலர்.

## 7. நேர்முகத்தில் தவிர்க்க வேண்டியது

“நாங்கள் அங்கே இப்படித்தான் செய்வோம்” என்ற வாக்கியம் ஒருமுறை தகவல். மூன்றாவது முறை அது ஒரு புகார். ஆலையைச் சுற்றிக் காட்டும்போது குறையைக் கண்டால் தீர்ப்புச் சொல்லாமல் கேளுங்கள்: “இந்த வால்வு பாதி மூடியிருப்பதற்குக் காரணம் உண்டா?” பல சமயம் உண்மையிலேயே காரணம் இருக்கும்.

ஏன் திரும்பினீர்கள் என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியம் போதும். குடும்பக் காரணமாக இருந்தால் அப்படியே சொல்லுங்கள், விவரிக்க வேண்டாம். மறுபடியும் போவீர்களா என்று கேட்டால் சத்தியம் செய்வதால் பயனில்லை. குடியிருப்பு ஏற்பாடு செய்தாயிற்று, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தாயிற்று, உரிமத்துக்கு விண்ணப்பித்தாயிற்று என்ற செய்திகளையே அவர் எடைபோடுவார். அவை உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

இன்னும் சந்தேகம் தெரிந்தால் ஒரு நாள் சோதனைக்கு நீங்களே முன்வரலாம்: ஓர் இயந்திரத்தைப் பார்த்து, பதிவேட்டைப் படித்து, ஒரு பக்கத்தில் கவனித்தவற்றை எழுதித் தருவது. ஒரு நாளுக்கு மேல் சம்பளமின்றி வேலை செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். வாரக்கணக்கில் சோதிப்பவர் ஆள் எடுக்கும் எண்ணத்தில் இல்லை.

## 8. பரிந்துரைப்பவரைத் தயார்படுத்துங்கள்

வெளிநாட்டு எண்ணுக்கு அழைக்க உள்ளூர் நிறுவனங்கள் தயங்கும். நேர வேறுபாடும் மொழியும் தடை. பரிந்துரைப்பவரின் நிறுவன மின்னஞ்சல் முகவரி, அவர் பேசக்கூடிய மொழி, உள்ளூர் நேரப்படி அழைக்க வசதியான வேளை ஆகியவற்றை ஒரே தாளில் கொடுங்கள். தனிப்பட்ட மின்னஞ்சலிலிருந்து வரும் பாராட்டுக்கு மதிப்புக் குறைவு.

அவரிடமும் முன்பே பேசி, நீங்கள் சொல்லப்போகும் சம்பவத்தை நினைவூட்டுங்கள். அவர் ஒன்பது ஆண்டுகளை மறந்திருக்கலாம், அந்தப் பிற்பகல் நிறுத்தத்தை மறந்திருக்க மாட்டார்.

## 9. சம்பளமும் பதவியும்

பழைய சம்பளத்தை உள்ளூர்ப் பணத்துக்கு மாற்றிச் சொல்லாதீர்கள். அந்த எண் பெரிதாகத் தெரிந்து, “இவர் இங்கே தங்கமாட்டார்” என்ற சந்தேகத்துக்கு நீங்களே உயிர் கொடுத்ததாகிவிடும். கேட்டால் அந்நாட்டு நாணயத்திலேயே மறைக்காமல் சொல்லிவிட்டு, இந்தப் பதவிக்கு இங்கே வழங்கும் வரம்பில் எங்கே எதிர்பார்க்கிறீர்கள் என்பதற்கு உடனே பேச்சைத் திருப்புங்கள். அந்த வரம்பை முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

நிறுவனம் ஒரு படி கீழே சேரச் சொன்னால் உடனே மறுக்கவோ ஏற்கவோ வேண்டாம். நமது தொழில்நுட்பருக்கும் மேற்பார்வையாளர் பதவி உடனே கிடைக்கவில்லை, மூத்த தொழில்நுட்பராகச் சேரச் சொன்னார்கள். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்ததும் பதவி மறுபரிசீலிக்கப்படும் என்பதையும், எதை வைத்துப் பரிசீலிப்பார்கள் என்பதையும் நியமனக் கடிதத்திலேயே எழுதக் கேட்டார். மனிதவளப் பிரிவு முதலில் தயங்கியது, கேட்டது பராமரிப்பு மேலாளருக்கு நியாயமாகப் பட்டதால் இரண்டு வரி சேர்த்தார்கள். வாய்மொழியாக ஏற்றுக்கொண்டிருந்தால், மேலாளர் மாறும் நாளில் அந்தப் பேச்சும் போய்விடும். ஆகவே அந்த இரண்டு வரிகள் கடிதத்தில் ஏறிய பிறகே கையெழுத்திடுங்கள்.